பாட்டிலுக்கு ஒரு தலைப்பு வரி

மதுரையில் ஒரு வீட்டில் பூண்டு ஊறுகாய் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் பாட்டில், விலை 180 ரூபாய். ரீலில் எண்ணெய் மினுங்குகிறது, பூண்டு பளபளக்கிறது. கீழே கேப்ஷனோ, “வணக்கம் நட்பூக்களே, எல்லோரும் எப்படி இருக்கீங்க?” என்று தொடங்குகிறது. இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் முழுதாகத் தெரியாது. முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மீதியைப் படிக்க ‘more’ என்பதைத் தட்ட வேண்டும். நலம் விசாரித்தே அந்த இடம் போய்விட்டது.

அந்த வரியில் பொருள், அளவு, விலை, ஊர் ஆகிய நான்கும் இருக்கட்டும். “விலைக்கு இன்பாக்ஸ்” என்பது பழகிப்போன வழக்கம். ஆனால் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பூண்டு ஊறுகாய், 250 கிராம் ₹180. மதுரைக்குள் நேரில், வெளியூருக்குக் கூரியரில்.
நல்லெண்ணெய், மலைப்பூண்டு, புளி, வற்றல் மிளகாய். தயிர்சாதத்துக்குத் தனியாகத் தொட்டுக்க வேண்டாம். இதுவே போதும்.
இந்த வாரம் 20 பாட்டில். வேண்டுவோர் ‘பூண்டு’ என்று மெசேஜ் அனுப்புங்கள்.
poondu oorugai, homemade garlic pickle, Madurai”

கடைசி வரி அலங்காரத்துக்கு அல்ல. நம்மவர்கள் தமிழில் பேசினாலும் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். இன்ஸ்டாகிராம் தேடல் கேப்ஷனில் உள்ள சொற்களையும் பார்க்கிறது. தமிழில் மட்டும் எழுதினால் `poondu oorugai` என்று தேடுகிறவர் கண்ணில் படும் வாய்ப்பு குறைவு.

இனி ஹேஷ்டேக். 30 வரை அடுக்கியது ஒரு காலம். 3 முதல் 5 போதும் என்று 2021-இலேயே இன்ஸ்டாகிராம் சொல்லிவிட்டது. #love, #instagood எல்லாம் இந்த ஊறுகாய்க்கு உதவாது. #garlicpickle கூட யோசிக்க வேண்டியதுதான். தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். வருவதெல்லாம் செய்முறை வீடியோ என்றால் அங்கே வருகிறவர் தானே ஊறுகாய் போடப் போகிறவர், பாட்டில் வாங்க வந்தவர் அல்லர். எனவே பொருளுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, தமிழில் ஒன்று:

#poonduoorugai #homemadepickle #maduraifood #பூண்டுஊறுகாய்

சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் அந்த இடத்திலேயே ஹேஷ்டேக் அறுந்துவிடும்.

கணக்கு புரொஃபஷனல் வகையில் இருந்தால் ரீலின் ‘இன்சைட்ஸ்’ பகுதியில், நம்மைப் பின்தொடராதவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியும். அது நன்றாக இருந்தும் மெசேஜ் வரவில்லையா? ஆள் வருகிறார், வாங்கவில்லை. மாற்ற வேண்டியது முதல் வரியையோ விலையையோதான். வெளியாட்களே வரவில்லை என்றால் முதலில் வீடியோவின் தொடக்கத்தைப் பாருங்கள். ரீலைப் பரப்புவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஹேஷ்டேக் மாற்றுவது அதற்கு அப்புறம். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று புரியாது.

பாட்டில் தீர்ந்ததும் பதிவை நீக்க வேண்டாம். கேப்ஷனை எடிட் செய்து, “இந்த முறை முடிந்தது, அடுத்தது வெள்ளிக்கிழமை” என்று முதல் வரியிலேயே போட்டுவிடலாம்.