‘பார்வை சரி’ என்று எழுதிய படிவம் சொல்லாமல் விடுவது

பள்ளியில் கொடுத்த கண் பரிசோதனைப் படிவத்தில் கையெழுத்திட்டு மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டியிருப்பதால் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பலருக்கும் ஒரே குழப்பம்: “படிவத்தில் பார்வை சரி என்று போட்டிருக்கிறார்கள். டீச்சரோ, பிள்ளைக்குப் படிப்பில் கவனமே இல்லை என்கிறார். எதை நம்புவது?”

‘பார்வை சரி’ என்றால் என்ன?

ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய அட்டையில் 6/9 வரியைப் பிள்ளை அந்தச் சில நொடிகளில் படித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. போர்டு தெரியாத கிட்டப்பார்வைப் பிள்ளைகளை இந்த அட்டை பெரும்பாலும் பிடித்துவிடும். தப்பிப்போவது தூரப்பார்வை உள்ள பிள்ளைகள்.

எப்படித் தப்பிக்கிறார்கள்?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி ஒரு சின்னத் தசை உண்டு. அது சுருங்கினால் லென்ஸ் தடித்து, கண்ணின் பவர் கூடும். பெரியவர்களுக்கு இந்தத் திறன் குறைந்துபோவதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். பிள்ளைகளுக்கு அது தாராளமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையால் சுமார் 12 பவர் வரை கூட்டிக்கொள்ள முடியும்.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு கண்ணிலும் பிளஸ் 3 தூரப்பார்வை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டையைப் பார்க்கும்போது தசை அந்த 3 பவரையும் தானே ஈடுகட்டிவிடும். எழுத்து தெளிவாகத் தெரியும். படிவத்தில் ‘சரி’ என்று விழும். அதே பிள்ளை பாடப்புத்தகத்தை 25 சென்டிமீட்டரில் பிடித்தால், எல்லோருக்கும் தேவைப்படும் 4 பவரோடு இந்த 3-ஐயும் சேர்த்து 7 பவர் போட வேண்டும். கையிருப்பில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் தாங்கும். பாட வேளை முழுக்கத் தாங்காது.

முதல் பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கும் பிள்ளை, இரண்டாம் பக்கத்தில் வரி தவறுகிறது, கண்ணைக் கசக்குகிறது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. தூரத்தைப் பார்த்தால் தசைக்கு வேலை குறையும் என்பதால்தான் அந்தத் திரும்பல். அதற்குத்தான் ‘கவனமில்லை’ என்று பெயர் வைக்கிறோம். எழுத்து மங்குகிறது என்று பிள்ளை சொல்வதுமில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியரும் பெற்றோரும் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் நன்றாக வாசித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடுமாறினால் கண்ணைச் சந்தேகிக்கலாம். வாய்க்கணக்கும் கேட்ட பாடமும் நன்றாக வந்து, எழுத்தும் வாசிப்பும் மட்டும் பின்தங்குவது இன்னொரு அடையாளம். வீட்டுப்பாடம் செய்யும் மாலையில் தலைவலி வந்து, விடுமுறையில் வராமல் இருப்பதும் அப்படியே. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தாலோ, ஒரு கண் உள்பக்கம் ஒதுங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

தூரப்பார்வையைக் கண்டுபிடிக்க வழியில்லையா?

எளிய வழியே இருக்கிறது. பிளஸ் 2 கண்ணாடியைப் போட்டு அதே அட்டையைப் படிக்கச் சொல்ல வேண்டும். குறையில்லாத கண்ணுக்கு அட்டை மங்கிவிடும். மங்காமல் படித்தால் தூரப்பார்வை ஒளிந்திருக்கிறது என்று கண் மருத்துவரிடம் அனுப்பலாம். ஒரு ஜோடிக் கண்ணாடியும் கூடுதலாக ஒரு நிமிடமும் போதும். அட்டையோடு நிறுத்திக்கொண்டு ‘பரிசோதனை முடிந்தது’ என்று கணக்குக் காட்டுவதை ஏற்க முடியவில்லை.

உறுதிசெய்ய மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, அந்தத் தசையைத் தளர்த்திய பிறகே பவர் பார்ப்பார். கண்ணாடிக் கடையில் சொட்டு விடாமல் எடுக்கும் கம்ப்யூட்டர் டெஸ்ட்டைப் பிள்ளைகள் விஷயத்தில் நம்ப முடியாது. தசை இறுகியே இருப்பதால், பிளஸ் தேவைப்படும் கண்ணுக்கு மைனஸ் என்று கூடக் காட்டிவிடும்.

சொட்டு மருந்தால் ஆபத்தா?
மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ சில நாளோ கிட்டே மங்கும், வெயிலில் கூசும், பிறகு சரியாகிவிடும்.

பிளஸ் பவர் இருந்தாலே கண்ணாடியா?
இல்லை, சின்ன வயதில் கொஞ்சம் பிளஸ் இருப்பது இயல்பு, அளவையும் தொந்தரவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?
ஏறாது.

கண்ணாடி போட்டால் கவனம் வந்துவிடுமா?
கண்ணால் வந்த தடுமாற்றம் மட்டுமே குறையும். கவனக்குறைபாடும் வாசிப்புக் குறைபாடும் தனி, அவற்றுக்குத் தனி மதிப்பீடு வேண்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?
போடுங்கள், மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று இருந்தாலும், ‘சரி’ என்று இருப்பதைப் பொருட்படுத்தாமல் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போய், “சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள்” என்று கேளுங்கள்.