வறுமைக்கோடு மாறும்போது வரைபடம் என்ன சொல்கிறது?

இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வுகளின்படி, பெருந்தோட்டத் துறையில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்வோரின் வீதம் 2016இல் 8.8 ஆகவும் 2019இல் 33.8 ஆகவும் இருந்தது. இவ்விரு எண்களையும் ஒரே கோட்டால் இணைத்தால், பசறை முதல் அப்புத்தளை வரையிலான ஊவாத் தோட்டங்கள் மூன்றே ஆண்டுகளில் வறுமையில் மூழ்கியதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை.

வறுமைக்கோடு என்பது ஒருவரின் அடிப்படைத் தேவைகளுக்கு மாதம் ஒன்றுக்கு வேண்டிய குறைந்தபட்சச் செலவு ஆகும். 2016இன் வீதத்துக்குப் பயன்பட்ட, 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய கோடு, 2012/13 விலைகளில் 3,624 ரூபாயாக இருந்தது. 2019இன் வீதத்துக்குப் பயன்பட்ட, 2012/13இன் நுகர்வைக் கொண்டு புதிதாகக் கணிக்கப்பட்ட கோடு அதே விலைகளில் 5,223 ரூபாய். ஒரே காலத்துக்கு இரு தொகைகள் கிடைப்பதால் அவற்றின் விகிதம் ஏறத்தாழ 1.44 எனத் தெரிகிறது.

திணைக்களம் பதுளை உள்ளிட்ட ஒவ்வொரு மாவட்டத்துக்குமான கோட்டை விலைச் சுட்டெண்ணைக் கொண்டு மாதந்தோறும் புதுப்பிக்கிறது. அத்தொகைகளைத் தானாகவே இழுத்து வரையும் தகவற்பலகை ஒன்று, ஆண்டின் நடுவே வரும் புதிய கோட்டைப் பழைய நிரலிலேயே எழுதிவிட்டால், அந்த மாதத்தில் தொகை 44 சதவீதம் பாயும். அதுவும் முறையான ஓர் எண்ணே என்பதால் கணினி எந்தப் பிழையையும் காட்டாது. திடீர்ப் பாய்ச்சலைக் கண்டதும் புதுப்பித்தலை நிறுத்தும் வரம்பு மட்டும் போதாது. 2022 செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 73.7 சதவீதத்தைத் தொட்டபோது ஓராண்டு இடைவெளியில் விலைகளே அதைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தன. எனவே ஒவ்வொரு தொகையுடனும் அதன் அடிப்படை ஆண்டையும் சேர்த்துப் பதிந்து, அந்த ஆண்டு மாறினால் `poverty_line_b2002` நிரலைத் தொடாமல் `poverty_line_b2012` எனும் புதிய நிரலைத் திறந்து, இரண்டையும் சில மாதங்கள் அருகருகே காட்டி, வரைபடத்தில் அந்த மாதத்தில் முறிவுக்குறி இடுவதே தக்க முறை.

பழைய மாதங்களின் கோட்டை 1.44ஆல் பெருக்கிப் புதிய அளவுக்கு ஓரளவு கொண்டுவரலாம். வறியோர் வீதத்தை அவ்வாறு பெருக்க முடியாது. ஏனெனில் கோடு உயரும்போது எத்தனை பேர் அதற்குக் கீழே வருவர் என்பது, பழைய கோட்டுக்குச் சற்று மேலே எத்தனை குடும்பங்கள் நெருங்கி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. நாளாந்தச் சம்பளத்தில் வாழும் தோட்டங்களில் அந்நெருக்கம் அதிகம் என்பதால் அங்கு கோட்டின் சிறு உயர்வும் பெருந்தொகையினரை உள்ளே கொண்டுவரும். நாடளாவிய வீதமும் 2016இல் 4.1, 2019இல் 14.3 என்றே அமைந்தது. இவ்வேறுபாட்டில் எவ்வளவு வாழ்க்கையின் மாற்றம், எவ்வளவு வரையறையின் மாற்றம் என்பதை 2016இன் குடும்பப் பதிவுகளைப் புதிய கோட்டால் மீண்டும் எண்ணியே பிரித்தறிய முடியும். அவ்வாறு எண்ணாமல் 8.8ஐயும் 33.8ஐயும் ஒரே கோட்டில் வரைவது தவறு.