சிரிக்கும்போது தெரிவது யாருடைய பல்? முகமாற்ற மாடலுக்குப் புது முகத்தைப் பழக்குவது எப்படி?

ஒரு விளம்பரப் படம் என்று வைத்துக்கொள்வோம். ஷூட்டிங் முடிந்துவிட்டது. 40 விநாடி காட்சி ஒன்றை மட்டும் திரும்ப எடுக்கணும், ஆனால் நடிகர் வெளிநாட்டில் இருக்கிறார். டூப் ஒருவரை வைத்து எடுத்துவிட்டு, நடிகரின் ஒப்புதலோடு அவர் முகத்தை கம்ப்யூட்டரில் பொருத்திவிடலாம் என்று முடிவாகிறது. கையில் இருப்பது நடிகர் அனுப்பிய 4 நிமிட வீடியோ. டெலிவரிக்கு ஒரு வாரம்.

இந்த ஒரு வாரத்தில் ஒரு முகமாற்ற மாடலுக்கு அடியிலிருந்து பயிற்சி கொடுக்க முடியுமா? கஷ்டம்தான். அதனால் பெரும்பாலானோர் செய்வது, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய மாடலை எடுத்து, அதற்கு இந்த இரண்டு முகங்களை மட்டும் புதிதாகப் பழக்குவது. இதைத்தான் ஃபைன் ட்யூனிங் என்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

டீப்ஃபேஸ்லேப் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் மாடலை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். முதலில் என்கோடர். இது முகத்தைப் 'படிக்கும்': தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் எண்களாக மாற்றும். நடுவில் ஓர் இணைப்புப் பகுதி அந்த எண்களைச் சுருக்கும். கடைசியில் டிகோடர், அதாவது முகத்தைத் திரும்ப 'வரையும்' பகுதி. டிகோடர்கள் இரண்டு உண்டு. ஒன்று நடிகரை வரையப் பழகும், இன்னொன்று டூப்பை.

படிக்கும் பகுதி இருவருக்கும் பொது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. டூப்பின் முகத்தைப் படிக்க வைத்து, நடிகரின் டிகோடரை வரையச் சொன்னால் போதும். டூப்பின் அசைவில் நடிகரின் முகம் வந்துவிடும்.

அடியிலிருந்து தொடங்கினால் கண் என்றால் என்ன, மூக்கின் நிழல் எப்படி விழும் என்பதைக்கூட மாடல் இந்த இருவரின் படங்களிலிருந்தே கற்கணும். முன்பயிற்சி பெற்ற மாடலுக்கு அந்தத் தலைவலி இல்லை. இதற்குப் பரவலாகப் பயன்படுவது எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பு: ஃபிளிக்கர் தளத்திலிருந்து என்விடியா ஆய்வாளர்கள் சேகரித்த 70,000 முகப் படங்கள்.

சுவாரசியமான விஷயம் அடுத்துதான். முன்பயிற்சியை அணைத்துவிட்டு புது முகங்களைக் கொடுத்ததும், டீப்ஃபேஸ்லேப் நடுவிலிருக்கும் இணைப்புப் பகுதியை மட்டும் அழித்து, புதிதாகத் தொடங்குகிறது. படிக்கும் திறனும் வரையும் திறனும் அப்படியே இருக்கும். 'முகம் என்றால் என்ன' என்பது நினைவில் இருக்கிறது, 'யார் முகம்' என்பதை மட்டும் மறக்கச் சொல்கிறோம்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுப் பயிற்சிக்கு அரை விநாடி என்றால், 5 லட்சம் சுற்றுகளுக்கு ஏறக்குறைய 3 நாள் ஆகும். ஒரு லட்சம் சுற்றுகள் என்றால் 14 மணி நேரம். ஒரு வாரத்தில், ஒருமுறை தப்பாகிப் போனாலும் மறுபடி தொடங்க அவகாசம் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

எத்தனை படம் வேணும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் எண்ணிக்கை இங்கே ஏமாற்றும். 4 நிமிட வீடியோவில், விநாடிக்கு 25 வீதம் 6,000 படங்கள் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: நடிகர் நேராக கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். அப்படிப்பட்ட 6,000 படங்களைவிட, பல கோணங்களில், பல முகபாவங்களில் எடுத்த சில நூறு படங்கள் மேல்.

முன்பயிற்சி எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பது இங்கேதான் தெரியும். பக்கவாட்டுத் தோற்றம் என்றால் பொதுவாக எப்படி இருக்கும் என்று மாடலுக்குத் தெரியும். ஆனால் இந்த நடிகரின் மூக்கு பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று தெரியாது. காட்டினால்தானே தெரியும்! காட்டாவிட்டால் டூப் தலையைத் திருப்பும்போது கன்னம் குழைந்து போகும், இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் பக்கவாட்டு முகம் வந்து நிற்கும்.

பல் இன்னும் மோசம். நடிகர் அனுப்பிய வீடியோவில் அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை, டூப் நடித்த காட்சியிலோ சிரிப்பு இருக்கிறது. மாடல் கையை விரிக்காது, எதையாவது வரைந்துவிடும். 70,000 பேரிடமிருந்து கற்ற ஒரு பொதுவான பல்வரிசையாகவோ, மங்கலான வெள்ளைப் பட்டையாகவோ அது இருக்கலாம். நடிகரின் தெத்துப்பல் மட்டும் இருக்காது. ரசிகர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். இதற்கு மாடலில் தீர்வு கிடையாது. நடிகரைக் கூப்பிட்டு, "சார், சிரிச்சு ஒரு 20 விநாடி எடுத்து அனுப்புங்க" என்று கேட்பதுதான் தீர்வு.

இன்னொரு பொறி, படங்களை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி. படங்கள் குறைவாக இருக்கும்போது, இதைப் போட்டால் இரட்டிப்பாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் நடிகருக்கு இடது கன்னத்தில் மச்சம் இருந்தால், மாடல் அதை இரண்டு கன்னத்திலும் லேசாக வரைய ஆரம்பித்துவிடும்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

பயிற்சியின்போது திரையில் இரண்டு எண்கள் குறைந்துகொண்டே வரும். இவைதான் பிழை மதிப்புகள். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்தே சந்தோஷப்பட்டுவிடுவார்கள். ஆனால் அவை சொல்வது இவ்வளவுதான்: நடிகரின் படத்தைக் கொடுத்தால் நடிகரைச் சரியாகத் திரும்ப வரைகிறதா, டூப்பின் படத்தைக் கொடுத்தால் டூப்பை வரைகிறதா. முகம் மாற்றுவதற்கு எண்ணே கிடையாது. டூப்பின் அசைவில் நடிகர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அசல் படம் எங்கேயும் இல்லையே!

அதனால் நம்ப வேண்டியது முன்னோட்டத் திரையில் ஐந்தாவது நெடுவரிசையை. அங்கேதான் மாற்றிய முகம் தெரியும். எண்கள் நன்றாகக் குறைந்த பிறகும் அந்த நெடுவரிசையில் டூப்பின் சாயலே தெரிந்தால், மாடல் இருவரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்கிறது, பொதுவாகப் படிக்கக் கற்கவில்லை என்று அர்த்தம். படங்களை வேண்டுமென்றே கொஞ்சம் நெளித்துக் காட்டும் அமைப்பை (`random warp`) அவசரப்பட்டு அணைத்தால் பெரும்பாலும் இப்படி ஆகும். தோல் நுணுக்கம் சீக்கிரம் வரட்டுமே என்று அணைப்பார்கள். நுணுக்கம் வரும், ஆனால் ஆள் வேறாக இருப்பார்.

வேலை முடிந்த பிறகு?

அடுத்த வாரம் வேறொரு நடிகருக்கு வேலை வருகிறது. ஏற்கெனவே நன்றாகப் பழகிய மாடல் இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்கலாமே என்று தோன்றும். தொடங்கினால், புதியவரின் முகத்தில் பழையவரின் புருவமோ தாடையோ எட்டிப்பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதனால் அனுபவசாலிகள் முன்பயிற்சி மட்டும் பெற்ற கோப்பைத் தனியாக வைத்திருப்பார்கள், ஒவ்வொரு முறையும் அதன் பிரதியிலிருந்தே தொடங்குவார்கள்.

இதில் நடிகருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஹாலிவுட் நடிகர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில், டிஜிட்டல் நகலுக்கு நடிகரின் ஒப்புதலும் ஊதியமும் தேவை என்று இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் நடிகர் அனில் கபூரின் பெயர், குரல், தோற்றத்தை அனுமதியின்றிப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் ஒப்பந்தத்தில் "அனுப்பிய வீடியோவை அழித்துவிட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பத்தாது. வீடியோவை அழித்தாலும், அந்த முகத்தை வரையக் கற்ற டிகோடர் ஸ்டுடியோவின் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். எந்த டூப்பின் அசைவைக் கொடுத்தாலும் அது அவரையே வரையும். அழிக்க வேண்டிய பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரும், அதன் எல்லா பேக்கப்பும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நடிகரின் வேலை.