பதில் வராத கோரிக்கை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கைத்தறிச் சேலைக் கடையொன்றில் கணிப்பொறி வேலை பார்த்தேன். அக்கடையினர் இணையச் சந்தை ஒன்றிலும் சேலை விற்கின்றனர். கடை இருப்பு மாறும்போதெல்லாம் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகச் சந்தையார் திறந்து வைத்திருக்கும் வாயிலுக்கே ஏ.பி.ஐ. என்று பெயர். என் நிரல் அங்கே கோரிக்கை அனுப்பும். 'செய்தாயிற்று' என்று பதில் வரும்.

ஒரு நாள் ஒரு ரகத்தில் 4 சேலைகள் இருந்தன. தறியிலிருந்து மேலும் 5 வந்தன. 'இருப்பில் 5 கூட்டுக' என்று நிரல் கேட்டது. பத்து வினாடி வரை பதில் இல்லை. மீண்டும் கேட்டது, அப்போதும் இல்லை. மூன்றாம் முறைதான் பதில் கிடைத்தது. உண்மையில் மூன்று கோரிக்கைகளுமே போய்ச் சேர்ந்திருந்தன. முதல் இரண்டு பதில்கள்தாம் வழியில் தொலைந்தன. அலமாரியில் 9 சேலை, சந்தையில் 19! மாலைக்குள் 12 பேர் வாங்கிவிட்டனர். மூவரிடம் 'சரக்கு இல்லை' என்று சொல்லும்படி ஆயிற்று. முதலாளி முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதில் வராவிட்டால் வேலை நடக்கவில்லை என்று கொண்டதே என் பிழை. நடந்ததா இல்லையா என்பது தெரியவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே எத்தனை முறை சொன்னாலும் ஒரே விளைவு தரும்படி கேட்க வேண்டும். '5 கூட்டுக' என்பதற்குப் பதில் 'இருப்பு 9' என்றால், மூன்று முறை போனாலும் 9 தான்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. முதல் கோரிக்கைக்குப் பதில் வருமுன் கடையில் ஒரு சேலை விற்றுவிட்டால் இருப்பு 8. பழைய '9'-ஐ மறுபடி அனுப்பினால் கணக்குக் கெடும். எனவே ஒவ்வொரு முறையும் பேரேட்டைப் புதிதாகப் பார்த்தே அனுப்ப வேண்டும். சந்தையில் விற்றதும் அதற்குள் பேரேட்டில் ஏறியிருக்க வேண்டும். பணம் திருப்பித் தருவது போன்றவற்றை இப்படிச் சொல்ல இயலாது. அங்கே கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, மறுமுறையும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். சந்தை அவ்வசதியைத் தந்தால் இரண்டாவதைச் செய்யாமல் விட்டுவிடும்.

சில நேரம் சந்தை வெளிப்படையாகவே மறுக்கும்:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 30
```

அளவுக்கு மீறிக் கேட்கிறாய், 30 வினாடி பொறு என்பது இதன் கருத்து. அதற்குமுன் தட்டினால் மறுப்பே மிஞ்சும். நேரம் குறிப்பிடாவிடில் 1, 2, 4, 8 வினாடி என இடைவெளியை இரட்டிக்க வேண்டும். அதோடு குலுக்கலாகச் சிறிது நேரம் சேர்ப்பதும் அவசியம். இல்லாவிடில் ஒன்றாக மறுக்கப்பட்ட நிரல்கள் யாவும் மறுபடியும் ஒன்றாகவே வந்து மோதும். 400 என்று வந்தாலோ கோரிக்கையிலேயே பிழை. திருத்தாமல் அனுப்பிப் பயனில்லை.

ஐந்து முறைக்குப் பின்னும் முடியாதவற்றை நிரல் இப்போது ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறது. கடை அடைக்குமுன் கணக்கர் அதைப் பார்த்து, அலமாரியில் உள்ள சேலைகளை எண்ணிச் சரி செய்கிறார்.