கருதுகோள் தோற்கவும் இடம் வேணும்: ஒக்கூர் மாசாத்தியாரின் எட்டுப் பாடல்களை வைத்து ஒரு பாடம்

ஆய்வேட்டோட முதல் இயலைப் பத்திப் பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆய்வு வினா, கருதுகோள், ஆய்வு முறை, முடிவுரை நாலும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பொருந்தணும்னு இன்னைக்குப் பார்க்கலாம். பொதுவாப் பேசினா மனசுல நிக்காது. அதனால எங்க ஊர்ப் புலவரையே எடுத்துக்கறேன்.

எங்க ஊர் சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரை எங்க ஊர்க்காரர்னு சொல்லிக்குவோம். தமிழ்நாட்டில் இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. அதனால ஆய்வேட்டில் அதைச் சான்று இல்லாம எழுத முடியாது. நாங்க பேச்சுல சொல்லிக்கறது வேற, ஆய்வுல எழுதறது வேற. இன்னைக்குப் பேசப்போறதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு மாசாத்தியார் பாடல்களை எடுத்து முனைவர் பட்ட ஆய்வு செஞ்சாங்க. ஆய்வேட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி துறையில ஒரு கூட்டம் நடக்கும் இல்லையா, அதில் அவங்க கருதுகோளை வாசிச்சாங்க: "ஒக்கூர் மாசாத்தியார் பாடல்களில் பெண்ணின் அக உணர்வுகள் சிறப்பாக வெளிப்பட்டுள்ளன." மூத்த பேராசிரியர் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, இது தப்பா இருந்திருந்தா, பாட்டுல நீ என்னத்தைப் பார்த்திருப்பே?"

அவங்களால பதில் சொல்ல முடியல. ஆய்வேடு திரும்பி வந்துருச்சு. பதிவுக் காலம் முடிய அஞ்சு மாசம்தான் பாக்கி. ராத்திரி எனக்கு போன் பண்ணி, "அக்கா, நாலு வருஷ வேலை போச்சா?"ன்னு கேட்டாங்க. வேலை எதுவும் போகல. நாப்பது பக்க முதல் இயல்ல மாத்த வேண்டியது ஒரு பக்கம்தான். ஆனா அந்த ஒரு பக்கத்துக்கு ஏத்த மாதிரி கடைசி இயலும் மாறணும்.

முதல்ல அந்த வாக்கியத்துல என்ன கோளாறுன்னு பார்ப்போம். 'சிறப்பாக'ங்கிறதுக்கு அளவு கிடையாது. எந்தச் சங்கப் பாட்டை எடுத்தாலும் உணர்வு வெளிப்படத்தான் செய்யும். எட்டுப் பாட்டையும் படிக்காமலே இது சரின்னு சொல்லிடலாம். படிக்காமலே சரின்னு தெரியற ஒண்ணுக்கு ஆய்வு எதுக்கு? அந்தப் பேராசிரியரோட கேள்விதான் கருதுகோளுக்கான சோதனை. எழுதி முடிச்சதும், 'இது தப்புன்னா தரவு எப்படி இருக்கும்?'னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. அந்த வரியை எழுத முடியலைன்னா, உங்க கையில இருக்கறது கருதுகோள் இல்ல, பாராட்டு.

அடுத்ததா, தரவு என்னன்னு பார்ப்போம். மாசாத்தியார் பெயரில் நமக்குக் கிடைச்சது எட்டுப் பாட்டு. குறுந்தொகையில் 126, 139, 186, 220, 275. அகநானூற்றில் 324, 384. புறநானூற்றில் 279. இங்கேயே ஒரு எச்சரிக்கை. ஒக்கூர் மாசாத்தனார்னு இன்னொரு புலவர் இருக்கார். அகநானூறு 14, புறநானூறு 248 அவருடையவை. 'மாசாத்தி', 'மாசாத்தன்' ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்கறதால, அட்டவணையிலிருந்து எண்களை எடுக்கும்போது கலந்துடும். அதனால ஆய்வு எல்லைங்கிற பகுதியில் எட்டு எண்ணையும் எழுதி, மாசாத்தனாரைச் சேர்க்கலைன்னும் ஒரு வரி போட்டுடணும்.

அந்தப் பொண்ணுகிட்ட, "சரிம்மா, நீ மனசுல உண்மையிலேயே என்ன நினைச்சே?"ன்னு கேட்டேன். "எல்லாப் பாட்டும் தலைவி குரல்ல பிரிவைத்தானே அக்கா பேசுது"ன்னாங்க. அதையே எழுதச் சொன்னேன். "மாசாத்தியாரின் அகப்பாடல்கள் பெரும்பான்மையும் தலைவி கூற்றாக அமைந்தவை." இது தப்பாகறதுக்கு வாய்ப்பு இருக்கு. பாதிக்கு மேல தலைவி கூற்றா இல்லைன்னா கருதுகோள் விழுந்துடும். இப்பதான் அது கருதுகோள்.

கருதுகோள் மாறினா முறையும் மாறணும். பழைய ஆய்வேட்டில் 'விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை பின்பற்றப்பட்டுள்ளது'ன்னு வழக்கமான ஒரு வரி இருந்துச்சு. யாரை யாரோட ஒப்பிட்டாங்கன்னு தேடினா எங்கேயும் இல்ல. அந்த வரியை எடுத்துட்டு, செஞ்ச வேலையைச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு பாட்டுக்கும் திணை, கூற்று, கேட்போர்னு மூணு கட்டம் போட்டு நிரப்பறதுதான் அந்த வேலை.

நிரப்பும்போது ஒரு சிக்கல் வந்துச்சு. பாட்டுக்குக் கீழே இருக்கற கூற்றுக் குறிப்பு புலவர் எழுதினது இல்ல, பின்னால வந்தவங்க சேர்த்தது. அகநானூறு 384-ஐப் பாருங்க. குறிப்பு 'உழையர் சொல்லியது'ன்னு சொல்லுது. ஆனா பாட்டுக்குள்ள பெரும்பகுதி தலைவன் பேச்சு. வேலை முடிஞ்சு தேரேறினதுதான் தெரியும், வந்த வழியே தெரியல, தேர்ல காத்தைப் பூட்டினியா, உன் மனசைப் பூட்டினியான்னு பாகனை வியந்து கேக்கறான். இப்ப இதை யார் கூற்றுன்னு குறிப்பீங்க? எந்தப் பதில் வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா அந்த விதியை எண்ணறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும். எண்ணின பிறகு விதியை முடிவு பண்ணினா, கை தானா நமக்கு வேண்டிய பக்கம் சாயும். அவங்க 'பழைய குறிப்பின்படி'ன்னு விதி வச்சுகிட்டு, பாட்டுக்குள்ள வேற குரல் வந்தா தனிக் கட்டத்துல குறிச்சாங்க.

எண்ணிப் பார்த்தா, அகப்பாட்டு ஏழு. தலைவி கூற்று 126, 186, 220 ஆக மூணு. தோழி கூற்று 139, 275 ஆக ரெண்டு. உழையர் கூற்று 324, 384 ஆக ரெண்டு. ஏழுல மூணு பெரும்பான்மை இல்ல. கருதுகோள் விழுந்துருச்சு.

"அக்கா, இப்ப என்ன பண்றது? 'தலைவி அல்லாதோர் கூற்றே மிகுதி'ன்னு கருதுகோளை மாத்தி எழுதிடவா?"ன்னாங்க. கூடாதுன்னு சொன்னேன். நிறைய ஆய்வேடுகள் கெட்டுப் போறது இந்த இடத்துலதான். முடிவைப் பார்த்துட்டு அதுக்கேத்த கருதுகோளை எழுதி, முன்னாடியே நினைச்ச மாதிரி முதல் இயல்ல வச்சா, சோதனைங்கிறதே நடக்கல. முதல்ல எழுதினது அப்படியே இருக்கட்டும். முடிவுரையில, 'இக்கருதுகோள் நிறுவப்படவில்லை. ஏழில் மூன்று பாடல்களே தலைவி கூற்று'ன்னு நேரா எழுதணும். கருதுகோள் விழறது தோல்வி இல்ல. தலைவி ஒருத்தி மட்டும் இல்ல, தோழியும் உழையரும்கூடப் பேசறாங்கன்னு காட்டினதுதான் அந்த ஆய்வேட்டோட கண்டுபிடிப்பு. 'தலைவன் திரும்பி வர்ற தருணம் யார் கண் வழியா காட்டப்படுது?'ங்கிற புது வினா அதிலிருந்துதான் பிறந்துச்சு. அதை மேலாய்வுக்கான வினான்னு வெளிப்படையா வச்சாங்க.

இனி முடிவுரை. பழைய முடிவுரையில மூணு வாக்கியம் என்னை நிறுத்துச்சு.

ஒண்ணு: "மாசாத்தியார் முல்லைத் திணையையே விரும்பிப் பாடினார்." ஏழு அகப்பாட்டில் ஆறு முல்லை, 139 மட்டும் மருதம். எண்ணிக்கை சரிதான். அகநானூற்றில் எண் 4-ல முடியற பாட்டெல்லாம் முல்லைன்னு தொகுத்திருக்காங்க. அதாவது 400-ல் 40. பத்துல ஒண்ணுதான் முல்லையா இருக்கற தொகையில இவருடைய ரெண்டும் முல்லைங்கிறது கவனிக்க வேண்டியதுதான். ஆனா ரெண்டே பாட்டு. அதோட, அவர் பாடினது இவ்வளவுதானா, தொகுத்தவங்க எடுத்தது இவ்வளவுதானான்னு பாட்டு சொல்லாது. 'விரும்பினார்'ங்கிறது அவர் மனசைப் பத்தின வாக்கியம். நம்ம முறை எண்ணினது பாட்டை. அதனால 'கிடைத்துள்ள ஏழு அகப்பாடல்களில் ஆறு முல்லை'ங்கிறதோட நிறுத்தணும்.

ரெண்டு: "பெண்பாற் புலவர்கள் ஆண்பாற் புலவர்களைவிட இல்லிருத்தலை மிகுதியாகப் பாடினர்." இது ஒப்பீட்டு முடிவு. ஒப்பீட்டுக்கு ரெண்டு பக்கமும் தரவு வேணும். இவங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு புலவர். இந்த முடிவு வேணும்னா, முதல் இயல்லயே ஒப்பீட்டு வினா வச்சு, மத்தப் பெண்பாற் புலவர்களையும் ஆண்பாற் புலவர்களின் முல்லைப் பாட்டுகளையும் அதே கட்டத்தில் போட்டிருக்கணும். அஞ்சு மாசத்துல முடியாதுன்னு வாக்கியத்தை எடுத்துட்டாங்க.

மூணு: "இம்மண்ணின் பெண்களிடம் இவ்வீரம் இன்றும் தொடர்கிறது." புறநானூறு 279-ஐ வச்சு எழுதினது. அண்ணனும் கணவனும் போர்ல விழுந்த பிறகும், பறை கேட்டதும் ஒரே மகனை அனுப்பற தாயைப் பத்தின பாட்டு. வாசிக்கும்போது எங்க ஊர்க்காரிக்கு மனசு பூரிக்கத்தான் செய்யுது. ஆனா 'இன்றும்'ங்கிற ஒரு சொல்லுக்குக் களஆய்வு வேணும், இன்னைக்கு இருக்கற பெண்களோட நேர்காணல் வேணும். நூலக ஆய்வால அதைத் தாங்க முடியாது.

நான் செய்யற சரிபார்ப்பு ரொம்பச் சின்னது. ஒரு தாளை நாலு பத்தியா மடிங்க. வினா, அதுக்கான தரவு, அந்தத் தரவை என்ன செஞ்சோம், முடிவு. முடிவுரையில இருக்கற ஒவ்வொரு வாக்கியத்தையும் நாலாவது பத்தியில எழுதிட்டு, அங்கிருந்து இடப்பக்கமாப் போங்க. நடுவுல எங்கேயாவது கட்டம் காலியா இருந்தா, அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்ல. அதேபோல வினாவிலிருந்து வலப்பக்கமாப் போங்க. முடிவு இல்லாத வினா இருந்தா, ஒண்ணு பதில் எழுதணும், இல்ல வினாவை எடுக்கணும். அந்தப் பொண்ணோட ஆய்வேட்டில் ஆறு வினா இருந்துச்சு. ரெண்டுக்கு எந்த இயல்லயும் பதில் இல்ல. நாலாக் குறைச்சாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் வேணும்னு கட்டாயம் இல்ல. 'இந்தப் பாட்டுகள்ல மழைக்காலம் எப்படியெல்லாம் வருது?'ங்கிறது நல்ல வினா. அதுக்கு முன்கூட்டியே 'இப்படித்தான்'னு சொல்ல ஒண்ணும் இல்ல. அங்கே வினாவோட நிறுத்திக்கலாம். படிவத்துல 'கருதுகோள்'னு ஒரு தலைப்பு இருக்கேன்னு எதையாவது இட்டு நிரப்பறப்பதான் 'சிறப்பாக வெளிப்பட்டுள்ளன' வந்து உக்காந்துக்கும். நெறியாளர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க.

வாய்மொழித் தேர்வுல அதே கேள்வி திரும்ப வந்துச்சாம். தப்பா இருந்தா என்ன பார்த்திருப்பேன்னு. "தப்பாத்தாங்கய்யா இருந்துச்சு, நாலாவது இயல்ல காட்டியிருக்கேன்"னு சொல்லியிருக்காங்க. அடுத்த எபிசோடுல அந்த நாலு பத்தித் தாளை ஒரு கள ஆய்வுக்குப் போட்டுப் பார்ப்போம்.