மீதியைத் தொகையீடாக எழுதினால்

0.1-இன் இயல் மடக்கை −2.302585. ln(1+x)-இன் டெய்லர் தொடரில் x = −0.9 என்று வைத்து முதல் பத்து உறுப்புகளைக் கூட்டினால் −2.118748 வருகிறது. விடுபட்டது சுமார் 0.184. இது அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை லெக்ராஞ்சியின் மீதி வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், சுமார் 285 கோடிக்கு மேல் போகாது என்று விடை வரும்! விடை பொய்யல்ல, ஆனால் எதற்கும் உதவாது. அதைவிட மோசம், உறுப்புகளைக் கூட்டக் கூட்ட உண்மையான மீதி சுருங்கிக்கொண்டே வர, இந்த வரம்பு மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. மீதி என்னவோ ஒன்றுதான். அதை எந்த வடிவில் எழுதி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லெக்ராஞ்சி அந்த வாய்பாட்டை 1797-இல் வெளியிட்டார். டெய்லர் தமது தொடரை அச்சிட்ட 1715-இல் மீதியைப் பற்றிய பேச்சே இல்லை. மீதியைத் தொகையீடாக எழுதும் வடிவம் கோஷியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதை வருவிக்கப் பகுதித் தொகையிடல் ஒன்று போதும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் படித்தவர் யாரும் கூடவே எழுதிப் பார்க்கலாம். தொடங்கும் இடம் இது:

f(x) = f(a) + ∫ₐˣ f′(t) dt

இங்கே x நிலையானது. நகர்வது t மட்டும். இதை ஒரு கணம்கூட மறக்கக் கூடாது. தொகையீட்டுக்குள் f′(t) மட்டும் இருக்கிறது. பகுதித் தொகையிடலுக்கு இரண்டு காரணிகள் வேண்டும் என்பதால், மற்றொன்றாக 1-ஐ எடுத்துக்கொள்கிறோம்: u = f′(t), dv = dt. அப்படியானால் v என்ன?

கை தானாக v = t என்று எழுதிவிடும். தவறில்லை. a = 0 என்று வைத்து அந்த வழியிலேயே போனால் f(x) = f(0) + x f′(x) − (x²/2) f″(x) + … என்று ஒரு தொடர் வரும். யோஹான் பெர்னோலி 1694-இல் வெளியிட்ட தொடர் இதுதான். ஆனால் இதில் வகைக்கெழுக்கள் எல்லாம் x-இல் நிற்கின்றன. நமக்கு எதுவும் தெரியாத புள்ளி x. தெரிந்த புள்ளி a.

dt-ஐத் தொகையிட்டால் t உடன் எந்த மாறிலியையும் சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பில் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் அந்த மாறிலி இங்கே பயன்படுகிறது. v = t − x என்று எடுப்போம். t = x என்ற மேல் எல்லையில் v பூச்சியமாகிறது; தெரியாத f′(x) மறைந்துபோகிறது. கீழ் எல்லையில் (x−a) f′(a) மிஞ்சுகிறது:

f(x) = f(a) + (x−a) f′(a) + ∫ₐˣ (x−t) f″(t) dt

கடைசித் தொகையீட்டில் மறுபடியும் அதையே செய்யலாம். (x−t)-ஐ t-ஐப் பொறுத்துத் தொகையிட்டால் −(x−t)²/2. இதுவும் t = x-இல் பூச்சியம். எல்லை உறுப்பாக f″(a)(x−a)²/2 வெளியே வருகிறது, உள்ளே (x−t)²/2 உடன் f‴(t) நிற்கிறது. அடுத்த முறை 2-உடன் 3 பெருகும், அதற்கடுத்து 4. காரணீயப் பெருக்கம் இப்படித்தான் உள்ளே நுழைகிறது. n முறை முடிந்ததும் டெய்லர் பல்லுறுப்புக் கோவை முழுவதும் வெளியே வந்திருக்கும். உள்ளே இருப்பதுதான் மீதி:

Rₙ(x) = (1/n!) ∫ₐˣ (x−t)ⁿ f⁽ⁿ⁺¹⁾(t) dt

இதில் தோராயம் எதுவுமில்லை. சமக்குறி முழுமையான சமக்குறி. எழுதும்போது வழுக்குவது பெரும்பாலும் குறியில்தான், (x−t)-இலிருந்து வரும் கழித்தல் குறி எங்காவது விட்டுப்போகும். சரிபார்க்க t³ நல்ல சோதனை. a = 0, n = 2 என்றால் கோவை முழுவதும் பூச்சியம்; ஆகவே மீதி x³ ஆகவே இருந்தாக வேண்டும். மூன்றாம் வகைக்கெழு 6. (1/2)∫₀ˣ 6(x−t)² dt = x³. குறி தவறியிருந்தால் இங்கேயே −x³ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

(x−t) என்ற காரணி ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். f(t) என்பது ஒரு ஸ்கூட்டர் t வினாடியில் கடந்திருக்கும் தூரம் என்போம். f″(t) அதன் முடுக்கம். t-ஆம் வினாடியில் ஆக்சிலேட்டரைத் திருகியதால் கூடிய வேகம், மிச்சமிருக்கும் x−t வினாடிகள் முழுவதும் வண்டியை முன்னே கொண்டுபோகும். தொடக்கத்தில் திருகினால் தூரம் அதிகம் கூடும், நிறுத்தப் போகும் நேரத்தில் திருகினால் அநேகமாக எதுவும் கூடாது. n பெரிதாக இருந்தால் (x−t)ⁿ இந்த வித்தியாசத்தை இன்னும் கூர்மையாக்குகிறது: x-ஐ ஒட்டி வகைக்கெழு என்ன ஆட்டம் போட்டாலும் மீதியில் அதன் பங்கு சொற்பம்.

மடக்கைக் கணக்கின் சிக்கல் இங்கேதான் அவிழ்கிறது. f(t) = ln(1+t) என்றால் பதினோராவது வகைக்கெழு 10!/(1+t)¹¹. t = −0.9-இல் இது 10! × 10¹¹ ஆக வீங்கி நிற்கிறது. லெக்ராஞ்சி வடிவத்தில் மீதி என்பது a-க்கும் x-க்கும் நடுவே ஏதோ ஒரு ξ-இல் எடுத்த வகைக்கெழுவை (x−a)¹¹/11!-ஆல் பெருக்கியது. அந்த ξ எங்கே என்று வாய்பாடு சொல்வதில்லை. அதனால் மிக மோசமான இடத்தை, அதாவது −0.9-ஐயே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 9¹¹/11, சுமார் 285 கோடி. உண்மையான ξ −0.156-க்கு அருகில் இருக்கிறது. ஆனால் விடை தெரிந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

தொகையீட்டு வடிவத்தில் வகைக்கெழு வீங்கும் அதே இடத்தில் (x−t)¹⁰ பூச்சியத்துக்குப் போகிறது. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்க வேண்டும். t = −s என்று மாற்றினால் மீதியின் அளவு இது:

∫₀^0.9 [(0.9−s)/(1−s)]¹⁰ · 1/(1−s) ds

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பின்னம் s = 0-இல் 0.9, s கூடக் கூட அது குறைந்துகொண்டே போகிறது, ஒருபோதும் 0.9-ஐத் தாண்டாது. ஆகவே மீதி 0.9¹⁰-ஐ ∫ ds/(1−s)-ஆல், அதாவது ln 10-ஆல், பெருக்கியதற்குள் அடங்கிவிடும். 0.3487 × 2.3026 = 0.803. உண்மை மதிப்பு 0.184 என்பதால் வரம்பு கொஞ்சம் தாராளம்தான், ஆனால் நம்பிப் பயன்படுத்தலாம். நூறு உறுப்புகள் எடுத்தால் வரம்பு 0.00006-க்குச் சற்று மேல். தொடர் ஒருங்குகிறது என்பதும் இதிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

(x−t)ⁿ குறி மாறாததால், தொகையீட்டின் இடைமதிப்புத் தேற்றத்தைக் கொண்டு வகைக்கெழுவை மட்டும் வெளியே எடுத்தால் லெக்ராஞ்சி வடிவம் தானாக வந்துவிடும். பெருப்பதும் சிறுப்பதும் ஒரே புள்ளியில் நடக்கிறது என்ற செய்தி தொலைவது அந்தப் படியில்தான். பதிலுக்கு லெக்ராஞ்சி வடிவம் குறைவாகவே கேட்கிறது: (n+1)-ஆம் வகைக்கெழு இருந்தால் போதும். நாம் செய்த வருவித்தலுக்கு அது தொடர்ச்சியானதாகவும் இருப்பது நல்லது. sin, cos, eˣ போன்றவற்றில் இந்த வேறுபாட்டால் எந்தச் சிரமமும் வராது, எந்த வடிவத்தை எடுத்தாலும் வேலை முடிந்துவிடும்.

மீதி எப்போதும் பூச்சியத்துக்குப் போகும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. x = 0-இல் பூச்சியம், மற்ற இடங்களில் e^(−1/x²) என்று ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் அதன் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியமே; டெய்லர் கோவையும் எத்தனை படி வரை போனாலும் பூச்சியமே. சார்பு முழுவதும் மீதிதான். x = 0.5-இல் அந்தத் தொகையீடு n எதுவானாலும் 0.0183 என்றே நிற்கும். (x−t)ⁿ/n! எவ்வளவு சுருங்கினாலும், வகைக்கெழுக்கள் அதே அளவுக்குப் பெருத்து ஈடுகட்டிவிடுகின்றன.