பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால்: கல்லா செல்போனில் செய்ய வேண்டிய மாற்றம்

கடன் பேரேட்டைச் செல்போனில் வைத்திருக்கும் வணிக நண்பர்கள் அதன் முதல் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். இடப்பக்கம் வாடிக்கையாளர் பெயர், வலப்பக்கம் தொகை. அவர் நமக்குத் தர வேண்டியது சிவப்பு எழுத்தில் இருக்கும். அவருடைய முன்பணம் நம்மிடம் நின்றால் பச்சை எழுத்தில் இருக்கும். பல செயலிகளில் பற்று, வரவு என்ற சொல் அந்தப் பக்கத்தில் கிடையாது. பழைய பேரேட்டில் இரண்டு பத்தி போட்டுப் பிரித்து எழுதியதை, இன்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிகிற ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் கடையில் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

என் அண்ணன் மகன்தான் மாலையில் கல்லாவைப் பார்க்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். ஒரு மாதக் கடைசியில் வசூலுக்குப் போக, செல்போனைப் பார்த்துத் தாளில் பாக்கிப் பட்டியல் எழுதினான். முன்பணங்களைக் கழித்து வர வேண்டிய நிகரத் தொகை அவன் பட்டியலில் ரூ.63,450. பேரேட்டின்படி ரூ.58,250. இதைச் சரிபார்க்கும் முன்பே, பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்து, "ரூ.2,600 பாக்கி நிற்கிறது, இந்த வாரம் அனுப்பி வையுங்கள்" என்று சொல்லிவிட்டான். அவர் மறுநாள் காலை நேரில் வந்தார். ரூ.7,400 பில்லுக்கு ரூ.10,000 கொடுத்து, மீதியை அடுத்த சரக்குக்கு வைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர். "முன்கூட்டிப் பணத்தையும் கொடுத்துட்டு, கடன்காரன்னு பேரும் வாங்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வித்தியாசம் ரூ.5,200 என்று பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதினால் தவறு இரட்டிப்பாகும். எனவே வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடு என்பது பழைய கணக்குப்பிள்ளைகள் வழக்கம். 5,200இல் பாதி 2,600. நேராக அந்தப் பெட்டிக்கடைக்காரர் கணக்குக்குத்தான் அது கொண்டுபோய் விடும்.

பையனை உட்கார வைத்து, அந்த எண் என்ன நிறம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாமே ஒரு மாதிரி பழுப்பாத்தான் இருக்கு சித்தப்பா. மேல இருக்கிறது கொஞ்சம் அடர்த்தி" என்றான். பத்தொன்பது வயது வரை அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தக்காளி பொறுக்கும்போது ஏன் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்க்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. கண் மருத்துவரிடம் காட்டினோம். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை வைத்துச் சோதித்தார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அதே முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. பச்சையை உணர்வதில் குறை என்று சொன்னார்.

இதை நிறக்குருடு என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தச் சொல் பொருத்தமில்லை. கண்ணுக்குள் நிறத்தை உணரும் செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒரு வகை சரியாக வேலை செய்யாததால் சில நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். நீலமும் மஞ்சளும் அவனுக்கு நன்றாகவே தெரிகின்றன. பெரும்பாலும் இது தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது உண்டு, பெண்களுக்கு மிகக் குறைவு. பிறவியிலேயே வருவதால் மருந்தோ கண்ணாடியோ போட்டுக் குணப்படுத்த முடியாது. ஆனால் செல்போன் திரையை அவர் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கான வசதி இன்றைய செல்போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதையும் இறக்கவோ பணம் கட்டவோ வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் Settings திறந்து Accessibility என்ற பகுதிக்குள் செல்ல வேண்டும். அதற்குள் Color correction என்று இருக்கும். சில போன்களில் இது Color and motion என்ற தலைப்பின் கீழும், சாம்சங்கில் Vision enhancements என்பதன் கீழும் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறுவதால், Settings பக்கத்தின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் Color correction என்று தட்டச்சு செய்வதே சுலபம். ஐபோனில் Settings, Accessibility, Display & Text Size என்று வரிசையாகப் போனால் Color Filters கிடைக்கும். ஆண்ட்ராய்டில் உள்ளே பச்சை உணர்வு குறைந்தவர்களுக்கு ஒன்று, சிவப்பு உணர்வு குறைந்தவர்களுக்கு ஒன்று, நீலம் மஞ்சள் குழப்பத்துக்கு ஒன்று, கறுப்பு வெள்ளையாக மாற்றும் Grayscale ஒன்று என நான்கு வகை தெரியும். ஐபோனிலும் இதே வகைகள் உண்டு. அங்கே Intensity என்ற கோட்டை நகர்த்தி அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியும்.

அதே பகுதியில் Color inversion என்று இன்னொன்று இருக்கும். பெயர் ஒத்திருப்பதால் முதலில் நான் அதைத்தான் தட்டினேன். அது வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் புரட்டிப் போடுவது. நமக்கு வேண்டியது அது அல்ல.

எந்த வகை பொருந்தும் என்பதை அந்தப் போனைப் பயன்படுத்துபவர்தான் சொல்ல வேண்டும். நம் கண்ணுக்குத் திரை அலங்கோலமாகத்தான் தெரியும். பையனுக்கு ஏற்ற வகையைப் போட்டதும் எனக்குச் சிவப்பு ரோஸ் நிறம் போலத் தெரிந்தது, போன் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். இந்த வசதி இல்லாத பார்வையைக் கொண்டுவருவதில்லை. அவருக்குப் பிடிபடாத சிவப்பு-பச்சை வேறுபாட்டை எடுத்து, பிடிபடுகிற நீலம்-மஞ்சள் பக்கமாகத் தள்ளுகிறது. அவ்வளவுதான். ஆகவே, பேரேட்டில் சிவப்புத் தொகையும் பச்சைத் தொகையும் அடுத்தடுத்து இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகையாக மாற்றி, "இப்போ எது எது வேற?" என்று கேட்க வேண்டும். அவர் ஒவ்வொரு பெயராகப் பிரித்துச் சொல்ல, நாம் சரிபார்க்க வேண்டும். பத்துப் பெயரில் பத்தும் சரியாக வரும் வகையே அவருக்கானது.

நிறத்தை மாற்றியும் எங்களுக்குப் பத்தில் ஏழுதான் சரியாக வந்தது. காரணம் எழுத்தின் மெல்லிய கோடு. பட்டையாகப் பூசிய நிறத்தைப் பிரித்தறிய முடிகிறவருக்கும், முடி போல மெல்லிய எண்ணில் அதே நிறத்தைக் கண்டுபிடிப்பது கடினம். இங்குதான் திரை அளவைப் பெரிதாக்குவது கைகொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் Settings, Display என்று போய் Display size and text என்பதைத் திறந்தால் இரண்டு கோடுகள் இருக்கும். Font size எழுத்தை மட்டும் பெரிதாக்கும். Display size எழுத்து, பொத்தான், அம்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். அதற்குக் கீழே Bold text என்பதையும் போட்டுவிட்டால் எண்கள் தடித்துவிடும். ஐபோனில் Display & Brightness பகுதியில் Display Zoom என்பதற்குள் Larger Text என்று தேர்வு செய்ய வேண்டும், Bold Text அதே பகுதியில் இருக்கிறது.

பெரிதாக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. நாங்கள் ஆசைப்பட்டு Display size கோட்டைக் கடைசி வரை தள்ளினோம். வாடிக்கையாளர் பெயர் இரண்டு வரியாக மடிந்தது. அதனால் தொகைக்கு இடம் போதாமல், ரூ.12,500 என்பது "12,5" என்று நின்று அதன் பின் மூன்று புள்ளி வந்தது. இது பழைய தவறைவிட மோசம். இரண்டு படி குறைத்த பிறகு முழுத் தொகையும் தெரிந்தது. எனவே ஒரு படி கூட்டுவதும், உடனே பேரேட்டில் உள்ள மிகப் பெரிய தொகையும் மிக நீளமான பெயரும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். Font size கோடும் இதற்கு விலக்கல்ல. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடியும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு பகலில் பத்துக்குப் பத்து சரியாக வந்தது. ஆனால் மூன்றாம் நாள் இரவு ஏழரை மணிக்கு, "மறுபடியும் குழப்புது சித்தப்பா" என்றான். கடை டியூப் லைட் காரணமோ என்று பார்த்தோம், இல்லை. அந்தப் போனில் Night Light என்ற வசதி பொழுது சாய்ந்ததும் தானாக இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. கண் கூசாமல் இருக்கத் திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும் ஏற்பாடு அது. நாம் நிறத்தைத் தள்ளி வைத்ததே நீலத்தின் பக்கம். அந்த நீலத்தையே அது எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சில போன்களில் இதற்கு Eye comfort shield, Reading mode என்று வேறு பெயர்கள். கல்லா போனில் இதை நிறுத்தி வைக்க வேண்டும். திரை வெளிச்சத்தையும் மிகக் குறைவாக வைக்கக் கூடாது.

ஒரே போனைப் பகலில் நானும் மாலையில் அவனும் பயன்படுத்துவதால் தினமும் Settings உள்ளே போய் மாற்றுவது தொல்லையாக இருந்தது. Color correction பக்கத்திலேயே shortcut என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டு, ஒலியைக் கூட்டும் குறைக்கும் இரு பொத்தான்களையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் மாறும்படி வைத்துக்கொண்டோம். ஐபோனில் Accessibility Shortcut என்பதில் Color Filters தேர்வு செய்துவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போதும்.

இது நம் திரைக்கு மட்டும் போடும் திரைச்சீலை போன்றது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வேறொருவருக்கு அனுப்பினால் அவருக்குப் பழைய நிறத்திலேயே போய்ச் சேரும், பயப்பட வேண்டாம். அதே காரணத்தால், வாடிக்கையாளர் தன் போனை நீட்டி, பணம் போய்விட்டது என்று பச்சை அடையாளத்தைக் காட்டும்போது இந்த ஏற்பாடு உதவாது. அதில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும், அதைவிட நம் கணக்கில் வரவு ஏறியதா என்று பார்க்க வேண்டும். இது நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் பொருந்தும். அச்சடித்த பில்லில் சிவப்பு மையால் சுழித்திருப்பது, மிளகாய் வற்றலின் நிறம் பார்ப்பது போன்றவற்றையும் இது மாற்றாது. போன் கேமரா வழியாகப் பார்த்தால் சரக்கும் மாறிய நிறத்தில் தெரியும், ஆனால் கடை வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். அதை நம்பி வற்றலைத் தரம் பிரிக்க நான் விடவில்லை.

இப்போது பில் போடும் செயலி விற்க யார் வந்தாலும், பணம் கட்டும் முன் என் போனில் Grayscale போட்டுவிட்டு அதன் பக்கங்களைக் காட்டச் சொல்கிறேன். நிறமே இல்லாதபோது எது பாக்கி, எது முன்பணம், எந்தச் சரக்கு தீர்ந்தது என்று சொல்லாலோ குறியாலோ தெரிந்தால் வாங்கலாம். சென்ற மாதம் வந்தவர் காட்டிய பக்கத்தில் எல்லாம் ஒரே சாம்பல் எண்களாக நின்றன. "இது எங்க யாருமே கேட்காத கேள்வி சார்" என்றார். பெயருக்குப் பக்கத்தில் பற்று, வரவு என்று எழுதிக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தேன்.